பழைய கிளையண்ட்டிடம் பெரிய பேக்கேஜைச் சொல்ல ஐந்து வழிகள்: ஒரு ஜிஎஸ்டி கணக்கை வைத்து ஒப்பீடு

மாதம் 1,500 ரூபாய்க்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஒரு கிளையண்ட்டிடம், 2,500 ரூபாய் பேக்கேஜுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வேலை கூடிவிட்டது, அவருக்கும் அது தேவைதான். ஆனாலும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, கணக்கு எழுதுபவராகத் தனியாகத் தொழில் செய்யும் பலர் இந்தப் பேச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். "பணத்துக்காகச் சொல்கிறான் என்று நினைத்துவிடுவாரோ" என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கம் நியாயமானது. எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் அப்படி நினைக்கவும் வாய்ப்பு உண்டு.

இதைச் சொல்ல நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் எங்கே எடுபடும், எங்கே உறவைக் கெடுக்கும் என்பதை ஒரே கிளையண்ட்டை வைத்துப் பார்க்கலாம். ஈரோட்டில் மின்பொருள் மொத்த வியாபாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், ஃபேன், எல்இடி விளக்கு என்று பெரும்பாலும் 18 சதவீத வரிப் பொருட்கள். ஆண்டு விற்பனை 3 கோடி. மாதம் 65 கொள்முதல் பில். கடையில் ஒரு தம்பி டேலியில் பில் ஏற்றுகிறார். 2018இல் பேசிய 1,500 ரூபாய் இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்த 1,500 ரூபாய் பேசிய காலத்தில் வேலை என்னவாக இருந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1இல் வந்தபோது, கொள்முதல் பில்லைக் கூட்டி, உள்ளீட்டு வரியை ஜிஎஸ்டிஆர்-3பியில் போட்டால் போதும். சப்ளையர் அந்தப் பில்லைத் தன் கணக்கில் காட்டினாரா என்று மாதாமாதம் யாரும் கேட்கவில்லை. 2019 அக்டோபரில் அது மாறத் தொடங்கியது. சப்ளையர் காட்டாத பில்லுக்கு, காட்டியதில் 20 சதவீதம் வரைதான் கூடுதலாக எடுக்கலாம் என்றார்கள். அப்புறம் அது 10 ஆனது, 5 ஆனது, 2022 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இன்று சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றி, நம் ஜிஎஸ்டிஆர்-2பியில் வந்தால்தான் வரிக் கழிவு. 65 பில்லையும் 2பியோடு ஒத்துப் பார்ப்பது தனி வேலையாகிவிட்டது. 2018இல் பேசிய கட்டணத்துக்குள் இந்த வேலை இல்லை, ஏனென்றால் அப்போது இப்படி ஒரு வேலையே இல்லை.

இது நமக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை "ஜிஎஸ்டி போடுவது" அன்றும் இன்றும் ஒரே வேலைதான். திணிப்பு போலத் தோன்றுவதற்கான வேர் இங்கேதான் இருக்கிறது. ஐந்து வழிகளையும் ஒப்பிடும்போது, இந்த இடைவெளியை எந்த வழி நிரப்புகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வழி: சும்மா செய்து கொடுத்துவிட்டுப் பிறகு கேட்பது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். கட்டணம் பேசக் கூச்சம், அதனால் 2பி ஒத்துப் பார்ப்பதையும் சேர்த்துச் செய்துகொடுக்கிறோம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, "அண்ணா, வேலை ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்கிறோம்.

கேட்கும் விதம் மென்மையாக இருக்கிறது, ஆனால் ஐந்தில் மோசமான வழிகளில் ஒன்று இது. இதுவரை 1,500க்குக் கிடைத்ததையே இனி 2,500க்கு வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். அவர் கையில் புதிதாக எதுவும் வரவில்லை. விலை மட்டும் ஏறுகிறது. நாம் பெரிய பேக்கேஜ் என்று நினைத்துச் சொன்னது அவர் காதில் வெறும் கட்டண உயர்வாக விழுகிறது. ஏற்கெனவே இப்படிச் செய்துகொண்டிருப்பவர்கள் அதைப் பேக்கேஜ் என்று அழைக்காமல், கட்டண உயர்வு என்றே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. 2018க்குப் பிறகு உயர்த்தவில்லை என்பதே போதுமான காரணம். வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வியாபாரிக்கு அது புரியும்.

இரண்டாவது வழி: நோட்டீஸ் வந்த அன்று சொல்வது

துறையிலிருந்து கேள்வி வந்திருக்கிறது: 3பியில் எடுத்த வரிக்கழிவுக்கும் 2பிக்கும் வித்தியாசம், விளக்கம் கொடுங்கள். கடைக்காரர் பதறிப்போய் அழைக்கிறார். அப்போது, "இதுக்குத்தான் அண்ணா 2,500 பேக்கேஜ் எடுக்கணும்" என்று சொன்னால் உடனே சரி என்பார். ஐந்து வழிகளில் அதிகமாகச் "சரி" கிடைப்பது இதில்தான் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சரி பயத்தில் வந்தது. இரண்டு வாரத்தில் நோட்டீசுக்குப் பதில் கொடுத்து விஷயம் அடங்கிய பிறகு, அவர் மனதில் ஒரு கேள்வி எழும்: "இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏன் அப்பவே சொல்லலை?" இந்தக் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இருக்காது. பழைய பேக்கேஜில் நாம் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அதைச் சரி செய்யவே கூடுதல் பணம் கேட்கிறோம் என்ற எண்ணம் ஒரு முறை விழுந்துவிட்டால் எளிதில் போகாது. நோட்டீஸ் வந்த அன்று நோட்டீஸை மட்டும்தான் பேச வேண்டும். பதில் தயாரிக்கத் தனிக் கட்டணம் உண்டென்றால் அதைச் சொல்லலாம், அது நடந்த வேலைக்கான கூலி. மாதப் பேக்கேஜைப் பற்றிய பேச்சு அந்த விவகாரம் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும்.

மூன்றாவது வழி: ஏப்ரலில் எல்லோருக்கும் ஒரே செய்தி

நிதியாண்டு தொடங்கும்போது அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் மூன்று பேக்கேஜும் விலையும் போட்ட ஒரு படத்தை அனுப்புவது. இதில் ஒரு நேர்மை இருக்கிறது: யாரையும் தனியாகக் குறிவைக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விலை. முகம் பார்த்துக் கேட்கும் சங்கடமும் இல்லை. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களுக்கு விளம்பரம், வேலை கேட்டு அணுகுவது பற்றித் தனி நெறிமுறைகள் உண்டு. அவர்கள் இந்த மாதிரிப் படங்களை அனுப்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

குறை என்னவென்றால், மின்பொருள் கடைக்காரருக்கு எது தேவை என்று அந்தப் படம் சொல்வதில்லை. மூன்று கட்டங்களையும் பார்த்துவிட்டு, விலை குறைவானதில்தான் தான் இருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு மூடிவிடுவார். கட்டண உயர்வை அறிவிக்க இது நல்ல வழி. ஒருவரைப் பெரிய பேக்கேஜுக்கு மாற்ற உதவாது.

நான்காவது வழி: ஒரு வேலையை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது

"மாதப் பேக்கேஜ் மாற வேண்டாம், இந்த மூன்று மாத பில்லை மட்டும் 2பியோடு ஒத்துப் பார்த்துக் கொடுக்கிறேன், 3,000 ரூபாய்" என்று சொல்வது. தயங்கும் கிளையண்ட்டுக்கு இது நல்ல வாசல். முடிந்ததும் விட்டுவிடலாம் என்ற சுதந்திரம் அவரிடம் இருக்கிறது. நமக்கும் அந்தக் கணக்கில் உண்மையில் எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் முறை பார்க்கும்போது பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து வரும், அதனால் பலன் பெரிதாகத் தெரியும். இரண்டாவது காலாண்டில் அவ்வளவு இருக்காது. "போன தடவை 30,000 கிடைச்சுது, இந்தத் தடவை 4,000தானா" என்பார். இதை முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால், வேலை நன்றாக நடந்தும் ஏமாற்றம் வரும்.

ஐந்தாவது வழி: அவர் கணக்கையே எடுத்துவைத்துப் பேசுவது

என் தேர்வு இதுதான். பேக்கேஜைப் பற்றி வாய் திறக்கும் முன், அவருடைய மூன்று மாத கணக்கை ஒரே ஒரு முறை முழுதாக ஆராய்ந்து, கிடைத்ததை ஒரு தாளில் எழுதி, அதை வைத்துப் பேசுவது. முதல் வழியிலும் இலவச வேலை இருந்ததே என்று கேட்கலாம். அங்கே வேலை சொல்லாமல் நடந்தது, முடிவும் இல்லை. இங்கே "ஒரு முறை பார்க்கிறேன்" என்று சொல்லியே பார்க்கிறோம், தாளைக் கொடுத்ததும் முடிந்துவிடுகிறது.

நம் மின்பொருள் கடைக்கு இதைச் செய்து பார்ப்போம். செப்டம்பர் கடைசி வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாத கொள்முதல் பதிவை டேலியிலிருந்து எடுத்து, அந்தந்த மாத 2பியோடு ஒத்துப் பார்க்கிறோம். மூன்று மாதத்தில் 195 பில். அதில் 11 பில் 2பியில் வரவில்லை. அந்தப் பதினொன்றில் உள்ள வரி 74,000 ரூபாய்.

பலர் வழுக்குகிற இடம் இது. "அண்ணா, 74,000 ரூபாய் உங்களுக்கு நஷ்டம்" என்று சொன்னால் பேக்கேஜ் உடனே விற்றுவிடும். ஆனால் அந்த 74,000ஐப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. 7 பில் காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு சப்ளையர்களுடையவை. ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ளவர்கள் அப்படிச் செய்யச் சட்டமே அனுமதிக்கிறது. அவர்களில் சிலர் மாதாமாதம் பில்லை முன்கூட்டி ஏற்றும் வசதியைப் பயன்படுத்துவதில்லை. ஜூலை, ஆகஸ்ட் பில்லை அவர்கள் அக்டோபர் 13க்குள் ஏற்றுவார்கள், 14ஆம் தேதி 2பியில் வந்துவிடும். அந்த 7 பில்லில் 41,000 ரூபாய். அது நஷ்டம் இல்லை, தாமதம். ஒன்றிரண்டு மாதம் முன்னதாக வரி கட்டியதால் போன வட்டி சில நூறு ரூபாய்தான்.

மீதி 4 பில். இரண்டில் சப்ளையர் தப்பான ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு ஏற்றியிருக்கிறார். அவர் தன் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் திருத்தினால் சரியாகிவிடும், ஆனால் யாராவது அழைத்துச் சொன்னால்தான் திருத்துவார். அதில் 18,500 ரூபாய். கடைசி இரண்டு பில், ரிட்டர்னே போடாத ஒரு சப்ளையருடையவை. 14,500 ரூபாய். ஆக, ஆபத்தில் இருப்பது 33,000 ரூபாய். அதற்கும் அவகாசம் இருக்கிறது. இந்த நிதியாண்டுப் பில்லுக்கு, நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் போடும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை வரிக்கழிவு எடுக்கலாம்.

தாளில் போக வேண்டியது 33,000. 74,000 என்று சொல்லிவிட்டு, அக்டோபர் 14இல் 41,000 தானாக வந்து நின்றால், கடைக்காரர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். "தானா வர்றதைக் காட்டியா காசு கேட்டாங்க" என்ற எண்ணம் அங்கே பிறக்கும். 7 பில் தானாக வந்துவிடும், கவலை வேண்டாம் என்று நாமே முதலில் சொல்லிவிட்டால், மீதி 4 பில்லைப் பற்றி நாம் சொல்வதை அவர் நம்புவார். இந்த ஒப்பீட்டில் நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். தனக்குச் சாதகமான எண்ணைத் தானே குறைத்துச் சொல்பவரை யாரும் திணிப்பவர் என்று நினைப்பதில்லை.

அடுத்து, எந்த பேக்கேஜ் என்ற கேள்வி. 4,500 ரூபாய்க்குப் பெரிய பேக்கேஜ் ஒன்றும் இருக்கிறது என்று வையுங்கள்: பில் பதிவு, வங்கிக் கணக்கு ஒத்துப் பார்த்தல் எல்லாம் நம் அலுவலகமே செய்யும். இந்தக் கடைக்கு அது வேண்டாம். கடையில் ஒரு தம்பி டேலியில் ஒழுங்காக ஏற்றுகிறார். குறை இருப்பது ஒத்துப் பார்ப்பதிலும் சப்ளையரைப் பின்தொடர்வதிலும் மட்டும்தான். அதற்கு 2,500 போதும். 4,500ஐயும் தாளில் போடலாம், ஆனால் "இது இப்போது உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லியே காட்ட வேண்டும். மாதம் 1,000 ரூபாய் கூடுதல் என்றால் மூன்று மாதத்துக்கு 3,000. மறுபக்கம் 33,000. அதில் பாதிதான் மீட்க முடிந்தது என்று வைத்தாலும் 16,500. ரிட்டர்னே போடாத சப்ளையரிடமிருந்து எதையும் மீட்டுத் தர முடியும் என்று நாம் உறுதி சொல்லக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நாம் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால், 2,500க்கு மேல் 18 சதவீதம், 450 ரூபாய் வரி வரும். அவருக்கு அது வரிக்கழிவாகத் திரும்பக் கிடைக்கும் என்றாலும், முதல் பில்லில் 2,950 என்று பார்த்ததும் முகம் சுளிப்பார். தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

எப்போது, யாரிடம்

மாதத்தில் நாள் முக்கியம். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. 10இலிருந்து 20 வரை கடைக்காரரும் பணத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார், நாமும் ஓடிக்கொண்டிருப்போம். வரி கட்டச் சொல்லி அழைக்கும் அதே அழைப்பில் பேக்கேஜையும் சொன்னால், இரண்டும் சேர்ந்து ஒரே செலவாகத் தெரியும். 22இலிருந்து 28க்குள், மதியச் சாப்பாடு முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் நல்லது.

முதலாளியிடம்தான் பேச வேண்டும். கணக்கு எழுதும் தம்பி வழியாகச் சொல்லி அனுப்பக் கூடாது. ஒத்துப்போகாத பில் பட்டியல் என்றாலே தன் வேலையில் குறை சொல்கிறார்கள் என்று அந்தத் தம்பிக்குத் தோன்றும். இந்தப் 11 பில்லில் ஒன்றுகூட அவர் தவறால் வந்ததில்லை, எல்லாம் சப்ளையர் பக்கத்துத் தாமதமும் தவறும். அதை முதலாளி முன்னால் வாய்விட்டுச் சொல்வது நியாயம். நாளை சப்ளையர் எண்ணையும் பில் நகலையும் தரப்போவதும் அவர்தான்.

முன்கூட்டி ஒரு செய்தி போடலாம்:

"அண்ணா வணக்கம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பர்ச்சேஸ் பில்லை 2பியோடு ஒத்துப் பார்த்தேன். 11 பில் வரலை. அதில் 7 பில் அடுத்த மாசம் தானா வந்துடும். மீதி 4 பில்லில் 33,000 ரூபாய் இருக்கு. லிஸ்ட் இதோட அனுப்பியிருக்கேன். அவசரம் இல்லை, இந்த வாரம் உங்களுக்கு எப்ப வசதின்னு சொல்லுங்க, கடைக்கு வர்றேன்."

பேக்கேஜ் என்ற வார்த்தையே இதில் இல்லை. பட்டியல் முழுதாக அவர் கையில் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு தம்பியை விட்டே சப்ளையர்களை அழைக்கச் சொன்னாலும் சரிதான். விஷயத்தை முதலில் கொடுத்துவிட்டு, வேலையைப் பிறகு பேசுகிறோம்.

கடையில் உட்கார்ந்ததும் பேச்சு இப்படிப் போகலாம்.

"பாத்தேங்க சார். இந்த ரெண்டு பில்லு காரன் ரிட்டர்னே போடறதில்லைங்களா?"

"ஆமாங்கண்ணா. ரெண்டு மாசமா போடலை. அடுத்த தடவை அவங்ககிட்ட வாங்கினா சரக்கு விலையை மட்டும் கொடுத்துட்டு, ஜிஎஸ்டி தொகையை 2பியில் வந்ததும் தர்றேன்னு சொல்லிப் பாருங்க. நிறையப் பேரு அப்படித்தான் பண்றாங்க."

"சரி. இது மாசாமாசம் பாக்க முடியுங்களா?"

இந்தக் கேள்வி வந்தால் விலையைச் சொல்லலாம். வராவிட்டால் நாமே சொல்லலாம், ஒளிக்க வேண்டியதில்லை: "இப்போ நீங்க தர்ற 1,500ல ரிட்டர்ன் தாக்கல் மட்டும்தாங்க வருது. இந்த மாதிரி மாசாமாசம் ஒத்துப் பார்த்து, சப்ளையருக்கு நாங்களே ஃபோன் பண்ணித் திருத்த வைக்கிறதுக்கு 2,500. உங்க தம்பியே லிஸ்ட்டை வெச்சுப் பண்றார்னா 1,500லயே இருந்துக்கலாம், எப்படி எடுக்கறதுன்னு அவருக்கு நான் ஒரு தடவை காட்டிக் கொடுத்துடறேன்."

இந்தக் கடைசி வாக்கியம் பேச்சுக்காகச் சொல்வதாக இருக்கக் கூடாது. அவர் அதைத் தேர்ந்தெடுத்தால் உண்மையிலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி விடுவது போல நடிக்கிறோம், அவ்வளவுதான்.

"பாக்கலாங்க" என்று சொன்னால்

நம் பக்கம் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பாக்கலாங்க", "தீபாவளி முடியட்டும்", "பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். இதில் சில உண்மை, சில மரியாதையான மறுப்பு. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை, அவரே சொன்ன கெடு முடிந்ததும் கேட்கலாம். தீபாவளி முடியட்டும் என்றால் தீபாவளி முடிந்த அடுத்த வாரம். அப்போதும் நழுவினால் அது மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் கேட்டால் அறிகுறிகள் தெரியத் தொடங்கும்: அழைப்பை எடுக்கத் தாமதமாகும், வழக்கமாக 5ஆம் தேதி வரும் பில் விவரம் 9ஆம் தேதி வரும், "சார்" என்று சொல்லிவிட்டு வேறு எதுவும் பேசாமல் வைப்பார். பழைய வேலையும் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மறுத்த கிளையண்ட்டுக்கு நாம் எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். 3பி போடும்போது 2பியில் உள்ள தொகைக்கும் அவர் கொடுத்த தொகைக்கும் வித்தியாசம் கண்ணில் படுகிறது. அதைச் சொல்லாமல் 2பி தொகையை மட்டும் போட்டுவிட்டு இருப்பது தவறு. "இந்த மாதம் 12,000 வித்தியாசம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது 1,500 ரூபாய் வேலைக்குள்ளேயே வருகிறது. எந்தப் பில், ஏன், யாரை அழைப்பது என்று தேடுவதும் பின்தொடர்வதும்தான் 2,500 ரூபாய் வேலை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்து, ஒரு நாள் கஷ்டம் வந்தால் தானே வருவார் என்று காத்திருப்பது இரண்டாவது வழியைவிடக் கெட்டது. பழைய கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று நான்கு வரியில் எழுதி ஒரு செய்தியாக அனுப்பிவைப்பது இருவருக்கும் நல்லது.

அப்புறம், அவர் தொழிலில் உண்மையான மாற்றம் வந்தால் பேச்சைத் திரும்ப எடுக்கலாம். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டினால், அடுத்த நிதியாண்டிலிருந்து மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில் ஒவ்வொன்றுக்கும் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரம்பு 5 கோடி. நம் கடை 3 கோடியில் இருக்கிறது. 4 கோடியைத் தொடும்போதே சொல்லிவைக்கலாம், தாண்டிய பிறகு பதறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் கேட்கும் வேலை அது, நாம் உருவாக்கிய தேவை இல்லை என்பதால் தயக்கமும் குறைவாக இருக்கும்.

எந்தக் கடைக்கு எந்த வழி

ஐந்தாவது வழிக்கு ஒரு விலை உண்டு. 195 பில்லை ஒத்துப் பார்க்க அரை நாளாவது போகும். நாற்பது கிளையண்ட்டுக்கும் இப்படிச் செய்ய முடியாது. மாதம் பத்துப் பதினைந்து பில் மட்டும் வாங்கும் சிறிய கடை, நான்கைந்து பெரிய கம்பெனிகளிடம் மட்டும் சரக்கு எடுக்கும் டீலர், இவர்களுக்கு 2பியில் பெரும்பாலும் பிரச்சினையே வராது. அவர்களிடம் 2,500 பேக்கேஜைச் சொல்வதே வேண்டாம், ஏப்ரல் செய்தியில் சிறிய கட்டண உயர்வு போதும். தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரிக்கழிவே கிடையாது என்பதால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நிறைய சிறு சப்ளையர்களிடம் வாங்குபவர்கள், மாதம் ஐம்பது பில்லுக்கு மேல் வருபவர்கள், 3பிக்கும் 2பிக்கும் மூன்று மாதமாகத் தொடர்ந்து வித்தியாசம் வருபவர்கள்: இவர்களைப் பட்டியலிட்டால் நாற்பதில் ஏழெட்டுப் பேர் தேறலாம். மாதம் ஒருவர் என்று எடுத்துக்கொண்டு அரை நாளை அவர் கணக்குக்குக் கொடுங்கள். ஆராய்ந்து பார்த்து 33,000க்குப் பதிலாக 2,000 ரூபாய்தான் வந்தது என்றால், "பார்த்தேங்கண்ணா, உங்க கணக்கு சுத்தமா இருக்கு, இப்போதைக்கு எதுவும் மாத்த வேண்டாம்" என்று அதையும் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

முதல் பேச்சிலேயே முடிவெடுக்க முடியாமல், ஆனால் ஆர்வம் காட்டுபவருக்கு நான்காவது வழியைக் கொடுக்கலாம்: ஒரு காலாண்டு மட்டும், 3,000 ரூபாய், முடிந்ததும் பழைய பேக்கேஜுக்கே திரும்பிவிடலாம். ஒத்துக்கொண்டவருக்குப் புதிய கட்டணத்தை அடுத்த மாதத்திலிருந்து தொடங்க வேண்டும், ஆராய்ந்த மூன்று மாதத்துக்குப் பின்தேதியிட்டு ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. முதல் மாத முடிவில் அந்த நான்கு பில்லில் எது திருந்தியது, எது இன்னும் நிற்கிறது என்று அதே பட்டியலில் குறித்து, அவர் கேட்பதற்கு முன்னால் 25ஆம் தேதி வாக்கில் அனுப்பிவிட வேண்டும்.